மீத்தேன் கணக்கில் 76 கிலோஜூல் எங்கே போனது?

"டெல்லியில் 11ஆம் வகுப்பு படிக்கிறேன். மீத்தேன் எரிவதற்குப் பிணைப்பு என்தால்பி வைத்துப் போட்டால் −814, உருவாதல் என்தால்பி வைத்துப் போட்டால் −890 கிலோஜூல் வருகிறது. எங்கே தப்பு?"

கூட்டல் கழித்தல் எல்லாம் சரிதான். முதலில் தண்ணீரைப் பாருங்கள். பிணைப்பு என்தால்பி வாயு நிலைக்கு மட்டும்தான் பொருந்தும், அதனால் −814 என்பது நீராவி வருவதாக வைத்த கணக்கு. உருவாதல் கணக்கில் நீங்கள் −285.8 போட்டிருப்பீர்கள், அது திரவ நீருக்கானது. நீராவிக்கு −241.8 போட்டால் விடை −802 ஆகிவிடும். ஒரு மோலுக்கு 44 வீதம் இரண்டு மோல் நீர், மொத்தம் 88 கிலோஜூல் அங்கேதான் ஒளிந்திருந்தது.

அப்புறம் −814-க்கும் −802-க்கும் நடுவே மிச்சம் 12. இது எதிர்த்திசையில் இருப்பதால்தான் 88-இல் 12 போக உங்களுக்கு 76 தெரிந்தது. அட்டவணையில் C–H-க்கு இருக்கும் 413, பல சேர்மங்களில் எடுத்த சராசரி. மீத்தேனின் நான்கு பிணைப்பையும் முறித்து அணுக்களாக்க ஏறக்குறைய 1664 தேவை, அதாவது பிணைப்புக்கு 416. மூன்று குறைவு, நான்கு பிணைப்பு: 12. அந்த 416-ஐப் போட்டுப் பாருங்கள்:

4×416 + 2×498 − 2×805 − 4×463 = −802

C=O-க்கு நீங்கள் 805 எடுத்தது நல்லதாகப் போயிற்று. அது CO₂-க்கே உரிய மதிப்பு. கீட்டோன்களுக்கான 743-ஐ எடுத்திருந்தால் −690 வந்து நின்றிருக்கும். சில அட்டவணைகள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இல்லை, அதுதான் எரிச்சல்.

தேர்வில் இரண்டு மதிப்பும் கேட்டால் உருவாதல் என்தால்பி விடையையே நம்புங்கள்.