கிளைக் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் எல்லாமே வழியில் இருக்கும் சரக்குதானா?

கேள்வி: தலைமை அலுவலகப் புத்தகத்தில் கிளையின் பாக்கி ஒரு தொகை, கிளைப் புத்தகத்தில் தலைமை அலுவலகத்தின் பாக்கி வேறு தொகை. வருடக் கடைசி. வித்தியாசத்தை அப்படியே "வழியில் உள்ள சரக்கு" என்று போட்டுவிடச் சொல்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள். "போட்டுவிடு" என்று சொன்னவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் மேலாளராகத்தான் இருக்கும், ஆடிட் ஆட்கள் வருவதற்கு முந்தைய வாரமாகவும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இதே வாக்கியத்தை நானும் கேட்டிருக்கிறேன், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தற்காப்பு. கிளையும் தலைமை அலுவலகமும் ஒரே நிறுவனம், இரண்டு இடத்தில் தனித்தனிப் புத்தகம், சரக்கை அடக்க விலைக்கு மேல் ஏற்றிய இன்வாய்ஸ் விலையில் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கிளை சட்டப்படி தனி நிறுவனம் என்றால் அது விற்பனை, அந்தக் கதை வேறு. வரி விஷயத்தையும் நான் தொடவில்லை. பின்னூட்டத்தில் சண்டைக்கு வர நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

நான் பல கிளைகள் கொண்ட ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அடக்கத்தில் 25 சதவீதம் ஏற்றித்தான் கிளைக்கு இன்வாய்ஸ் போடுவோம். கிளை மேலாளருக்கு உண்மையான அடக்கம் தெரியக்கூடாது என்பது முதலாளியின் கொள்கை. அந்த வருடம் ஒரு கிளையில் வித்தியாசம் வந்தது. எங்கள் புத்தகத்தில் கிளை எங்களுக்குத் தரவேண்டியது 12,40,000. கிளைப் புத்தகத்தில் எங்களுக்குத் தரவேண்டியதாக இருந்தது 10,90,000. இடைவெளி 1,50,000. (எண்களைச் சுலபத்துக்காக வட்டமாக்கியிருக்கிறேன்.)

"லாரி வழியில இருக்குப்பா, டிரான்சிட்ல போட்டு முடி" என்றார் மேலாளர். லாரி வழியில் இருந்தது உண்மைதான். ஆனால் அதில் 1,50,000 சரக்கு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது அதனால்தான். வித்தியாசம் என்பது கழித்தல் கணக்கில் வந்த ஓர் எண். வழியில் இருக்கும் சரக்கு என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய பெட்டிகள். இரண்டும் ஒரே தொகையாக இருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

நான் செய்தது ரொம்பச் சாதாரண வேலை. கடைசி இரண்டு மாதங்களில் எங்களிடமிருந்து கிளம்பிய டெலிவரி சலான்களை எண் வரிசையில் ஒரு பக்கம் எழுதினேன். எதிர்ப் பக்கம் கிளையின் சரக்கு வரவுப் பதிவை வைத்தேன், தேதியும் பெட்டி எண்ணிக்கையும் சேர்த்து. தொகையை ஒப்பிடுவதற்கு முன்னால் பெட்டியை ஒப்பிட்டேன். பணம் போய்வந்த பதிவுகளுக்கும் அதே மாதிரி.

1,50,000 மூன்றாகப் பிரிந்தது.

ஒன்று, வருடம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கிளம்பிய லோடு. இன்வாய்ஸ் விலை 1,00,000. புது வருடத்தின் மூன்றாம் நாள் கிளையில் இறங்கியது, வரவுச் சீட்டு இருக்கிறது. உண்மையிலேயே வழியில் இருந்த சரக்கு இது ஒன்றுதான்.

இரண்டு, கிளை கடைசி நாளில் எங்களுக்கு அனுப்பிய 20,000. அவர்கள் புத்தகத்தில் எங்கள் பாக்கி குறைந்துவிட்டது, எங்கள் வங்கிக் கணக்கில் இன்னும் ஏறவில்லை. இது வழியில் உள்ள பணம். சரக்கு இருப்பில் இதற்கு இடமே கிடையாது.

மூன்றாவது 30,000 தான் வில்லங்கம். ஏழு வாரம் முன்னால் போன ஒரு சலான், 100 பெட்டி. பெட்டிக்கு அடக்கம் 1,000, இன்வாய்ஸ் 1,250. கிளை வரவு வைத்தது 76 பெட்டி. 24 பெட்டியைக் காணோம். கிளையின் ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மிச்சம் அடுத்த வண்டியில வரும்னு டிரைவர் சொன்னார் சார்."

"வந்ததாண்ணே?"

"அதுக்கப்புறம் எத்தனையோ வண்டி வந்துச்சு சார். எது எதோட மிச்சம்னு யாருக்குத் தெரியும்?"

எங்கள் லாரி அந்தக் கிளைக்குப் போய்ச் சேர அதிகபட்சம் ஐந்து நாள் ஆகும். ஏழு வாரமாக ஒரு சரக்கு வழியில் இருக்கிறது என்றால் அது வழியில் இல்லை. நீங்களும் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள்: "வழியில்" என்று காட்டும் ஒவ்வொரு வரிக்கும் சலான் எண், கிளம்பிய தேதி, புது வருடத்தில் வந்து சேர்ந்த தேதி மூன்றும் இருக்கவேண்டும். வழக்கமான பயண நாள் இரண்டு மடங்கு ஆன பிறகும் வந்து சேர்ந்த தேதி காலியாக இருந்தால் அந்த வரியைத் தனியே எடுத்து விசாரியுங்கள்.

இப்போது பதிவுகள். கிளைப் புத்தகத்தைத் தொடாமல் எங்கள் புத்தகத்திலேயே எல்லாவற்றையும் சரிசெய்தேன். கிளையில் செய்யவேண்டும் என்று வாதாடுபவர்கள் உண்டு, அதிலும் தப்பில்லை. இரண்டு பக்கமும் செய்துவிட்டால்தான் தப்பு. பழைய வித்தியாசம் அப்படியே எதிர்த் திசையில் முளைக்கும். ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து வருடா வருடம் அதையே பின்பற்றுங்கள்.

வழியில் உள்ள சரக்குக்குப் பற்று 1,00,000, கிளைக் கணக்குக்கு வரவு 1,00,000. வழியில் உள்ள பணத்துக்குப் பற்று 20,000, கிளைக்கு வரவு 20,000. காணாமல் போன 24 பெட்டிக்கு, கிளைக்கு வரவு 30,000. ஆனால் எதிர்ப் பக்கம் நஷ்டம் 30,000 இல்லை. நமக்குப் போனது அடக்க விலை மட்டும்தான், ஆகவே நஷ்டக் கணக்கில் பற்று 24,000. மிச்ச 6,000 நாமே நம் சரக்கின் மேல் ஏற்றி வைத்த லாபம். அதை, கிளைக்கு அனுப்பிய சரக்குக் கணக்கில் பற்று வைத்துத் திருப்பிவிடவேண்டும். 12,40,000 இலிருந்து இந்த மூன்றும் போனால் 10,90,000. டேலி.

லாரிக்காரரிடம் நஷ்டஈடு கேட்டிருக்கிறோமே, அதை வரவேண்டிய தொகையாகக் காட்டி நஷ்டத்தை மறைத்துவிடலாமே என்று அங்கே ஒருவர் கேட்டார். கடிதம் போட்டதாலேயே பணம் வந்துவிடாது. வருவது ஏறக்குறைய உறுதி என்று காட்ட ஆதாரம் இருந்தால் சரி, இல்லையென்றால் நஷ்டம் இந்த வருடம், பணம் வரும்போது வருமானம்.

வழியில் உள்ள சரக்கு 1,00,000 என்பதும் ஐந்தொகைக்கு அப்படியே போகக்கூடாது. வெளியாளுக்கு இன்னும் விற்கவில்லை, நம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதில் லாபம் எப்படி வரும்? ஏற்றிய தொகையைக் கழிக்கவேண்டும். நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அடக்கத்தின் மேல் 25 சதவீதம் ஏற்றினோம் என்பதால் 1,00,000 இல் 25 சதவீதம், அதாவது 25,000 கழிக்கிறார்கள். அடக்கம் 100 என்றால் இன்வாய்ஸ் 125, ஏற்றிய 25 என்பது 125 இல் ஐந்தில் ஒன்று. ஆகவே கழிக்கவேண்டியது 20,000, ஐந்தொகையில் நிற்கவேண்டியது 80,000. கிளையின் அலமாரியில் இன்வாய்ஸ் விலையில் நிற்கும் கடைசி இருப்புக்கும் இதே ஐந்தில் ஒன்று கழியவேண்டும்.

மேலாளர் சொன்னபடி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐந்தொகையில் 1,50,000 சொத்து. உண்மையில் இருந்தது 80,000 சரக்கும் 20,000 பணமும். மீதி 50,000 வெறும் காற்று, அந்த வருட லாபத்திலும் அதே 50,000 கூடுதல். அது போதாதென்று 24 பெட்டி எங்கே போனது என்று யாரும் கடைசிவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்ததற்கு எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். விற்பனைப் பிரிவில் இலக்கைத் தொட்டவருக்கு ஊக்கத்தொகை, மேடையில் ஏற்றிக் கைதட்டல். கணக்குப் பிரிவுக்கு வருடக் கடைசியில் லீவு கிடையாது, ராத்திரி எட்டு மணி வரை உட்காரவேண்டும், அதற்கு ஒரு நன்றிகூட இல்லை. "நீங்க செலவுப் பிரிவுதானே" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. சரி, கேள்விக்கு வருவோம்.

"எங்களிடம் மென்பொருள் இருக்கிறது, இந்தத் தொல்லை எல்லாம் இல்லை" என்று யாராவது சொல்லப்போகிறார்கள். மென்பொருளில் சரக்கு மாற்றத்தை ஒரே படியில் போட்டால் கிளம்பும்போதே கிளை இருப்பில் ஏறிவிடும். வித்தியாசம் காட்டாது, ஆனால் கிளையில் போய் எண்ணினால் பெட்டி இருக்காது. இரண்டு படியாக, நடுவில் "வழியில்" என்று ஒரு பொய்க் கோடவுன் வைத்துப் போடுவது நல்லது. அப்போதும் குறைவாக வந்த 24 பெட்டி அந்தப் பொய்க் கோடவுனிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். மாதம் ஒருமுறை அதன் இருப்பை சலான் தேதிப்படி எடுத்துப் பார்க்கவேண்டியது ஆள்தான்.

இன்னொன்று, கிளையில் சரக்கு எண்ணும் நாள். கடைசி நாள் மாலை ஒரு லோடு இறங்கியிருக்கும், எண்ணுபவர்கள் அதையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள், வரவுச் சீட்டு மட்டும் அடுத்த நாள் தேதியில் இருக்கும். புத்தகத்தைப் பார்த்து நீங்கள் அதை வழியில் இருப்பதாகச் சேர்த்தால் ஒரே பெட்டி இரண்டு முறை இருப்பாகிவிடும். எண்ணும்போது கடைசியாகப் போட்ட வரவுச் சீட்டு எண்ணையும், சீட்டுப் போடாமல் வாசலில் கிடக்கும் சரக்கையும் எண்ணிக்கைத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

அப்புறம் புது வருடத்தின் முதல் நாள், வழியில் உள்ள சரக்குப் பதிவை அப்படியே திருப்புங்கள்: கிளைக்குப் பற்று, வழியில் உள்ள சரக்குக்கு வரவு. இதை மறந்தால், லாரி இறங்கி கிளை தன் பதிவைப் போட்டதும் உங்கள் புத்தகத்தில் கிளைப் பாக்கி 1,00,000 குறைவாக நிற்கும். சரக்கு கிளை இருப்பிலும் இருக்கும், உங்கள் வழியிலும் இருக்கும். பணத்துக்கும் அதே கதை, 20,000 வங்கியில் ஏறிய அன்று வழியில் உள்ள பணக் கணக்கைத்தான் மூடவேண்டும், கிளைக்கு மறுபடி வரவு வைக்கக்கூடாது. நஷ்டப் பதிவை மட்டும் திருப்பாதீர்கள்.