40 பேரில் 4 பேர் போனால்

"போன மாசம் 40 சந்தாதாரர்ல ஒருத்தர் விலகினார், சர்ன், அதாவது விலகல் விகிதம், 2.5%. இந்த மாசம் 4 பேர், 10%. எங்க தப்பு?"

தப்பே நடக்காமலும் இப்படி வரும். உங்கள் அளவில் ஒருவர் போனாலே 2.5 புள்ளி ஏறிவிடும். உண்மை விகிதம் மாதம் 5% என்றே வைத்துக் கணக்குப் போட்டால், சுமார் எட்டு மாதத்துக்கு ஒருமுறை யாருமே விலகமாட்டார்கள். ஏழு மாதத்துக்கு ஒருமுறை நாலு பேரோ அதற்கு மேலோ விலகுவார்கள். எல்லாம் வெறும் தற்செயல்.

ஆறு மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள். விலகியவர்கள் மொத்தம் 12, மாதத் தொடக்க எண்ணிக்கைகளின் கூட்டல் 240 என்றால் 5%. அப்போதும் உண்மை விகிதம் சுமார் 3% முதல் 8% வரை எங்கும் இருக்கலாம்.

அதைவிட, அந்த நாலு பேரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். என்னிடமிருந்து விலகியவர்களை நான் கேட்டபோது இருவருக்கு கார்டு காலாவதியாகியிருந்தது, அவ்வளவுதான். விலகியதே அவர்களுக்குத் தெரியாது!