ஸாலிம் எங்கே போனான்?

அன்புள்ள ஐயா,

நான் ரியாத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதமாக மாலை வகுப்பில் எழுத்து அரபி படிக்கிறேன். 'ஸாலிமால் பேனா உடைக்கப்பட்டது' என்பதற்கு 'குஸிர கலமுன் பி ஸாலிமின்' என்று எழுதினேன். வாத்தியார் சிரித்துவிட்டு, 'பி ஸாலிமின்' என்பதை மட்டும் அடித்துவிட்டார். அப்படியானால் ஸாலிமை எங்கேதான் வைப்பது? அதோடு, இங்கே கடைத்தெருவில் யாரும் 'குஸிர' என்று பேசி நான் கேட்டதே இல்லை. கொஞ்சம் விளக்குவீர்களா?

அ.மு., ரியாத்

அன்புள்ள அ.மு.,

உங்கள் வாத்தியார் ஏன் சிரித்தார் என்பதிலிருந்தே தொடங்கலாம். அரபியில் 'பி' கருவிக்கு வருவது. 'குஸிர கலமுன் பி ஹஜரின்' என்றால் கல்லால் ஒரு பேனா உடைக்கப்பட்டது. அதில் பிழை இல்லை. நீங்கள் எழுதியதைப் படித்தால், யாரோ ஸாலிமைத் தூக்கிப் பேனாமேல் போட்டு உடைத்தமாதிரி இருக்கிறது. தப்பு நம் 'ஆல்' உருபினுடையது. 'கல்லால் உடைக்கப்பட்டது', 'ஸாலிமால் உடைக்கப்பட்டது' என்று கருவிக்கும் கருத்தாவுக்கும் அது ஒரே மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அரபி இந்த இரண்டில் முதலாவதுக்கு மட்டும்தான் இடம் தருகிறது.

சரி, வினைக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். நாம் செயப்பாட்டு வினைக்குப் 'படு' என்று இன்னொரு வினையைக் கொண்டுவந்து வாலில் கட்டுகிறோம். அரபி எதையும் கட்டுவதில்லை. க்-ஸ்-ர் என்ற மூன்று மெய்களும் அப்படியே நிற்க, நடுவிலுள்ள உயிர்கள் மட்டும் மாறுகின்றன. கஸர, உடைத்தான். குஸிர, உடைக்கப்பட்டது. இறந்த காலத்துக்கு விதி இதுதான்: கடைசி மெய்க்கு முந்தைய எழுத்துக்கு இகரம், அதற்கு முன்னால் உயிரோடு வரும் எழுத்துகளுக்கெல்லாம் உகரம். வினை நீளமானாலும் இதே கணக்கு: 'இஸ்தக்தம' (பயன்படுத்தினான்) 'உஸ்துக்திம' ஆகிவிடும். நிகழ்காலத்தில் முன்னொட்டுக்கு உகரம், கடைசி மெய்க்கு முந்தையதற்கு அகரம். யக்ஸிரு (உடைக்கிறான்), யுக்ஸரு (உடைக்கப்படுகிறது). 'யஃப்தஹு' (திறக்கிறான்) போன்ற வினைகளில் அந்த அகரம் ஏற்கனவே இருப்பதால், 'யுஃப்தஹு' என்று முதல் உயிர் ஒன்றே மாறும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. குறில் உயிர்களை அரபியில் வழக்கமாக எழுதுவதில்லை. ஆகவே செய்தித்தாளில் கஸரவும் குஸிரவும் ஒரே மூன்று எழுத்து. பிறகு எப்படித்தான் படிப்பது? வினையை விட்டுவிட்டு அடுத்த சொல்லைப் பாருங்கள். 'கஸர ஸாலிமுன் கலமன்', ஸாலிம் ஒரு பேனாவை உடைத்தான். இதில் பேனா செயப்படுபொருள், அதனால் 'அன்' விகுதி. இந்த 'அன்' வரும்போது பெரும்பாலான சொற்களின் முடிவில் ஒரு அலிஃப் கூடுதலாக எழுதப்படும், அது கண்ணுக்குத் தெரியும். வினைக்குப் பின்னால் அலிஃப் இல்லாமல் கலம் மட்டும் தனியாக நின்றால், அது 'கலமுன்'. பேனா எதையும் உடைக்காது, ஆகவே வினை 'குஸிர'வாகத்தான் இருக்க வேண்டும். கவனமான பதிப்பாசிரியர்கள் முதல் எழுத்தின் தலையில் ஒரு உகரக் குறி மட்டும் போட்டு நமக்கு உதவுவார்கள். முழுப் பக்கத்திலும் அந்த ஒரு குறிதான் இருக்கும்.

இப்போது ஸாலிம். 'கலமன்' எப்படிக் 'கலமுன்' ஆயிற்று என்று கவனித்தீர்களா? 'உன்' என்பது எழுவாயின் உடை, ஸாலிம் போட்டிருந்தது. அவன் எழுந்து போனதும் பேனா அதை மாட்டிக்கொண்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. அரபி இலக்கணக்காரர்கள் இதை 'நாயிப் அல்ஃபாயில்', அதாவது செய்தவனின் பிரதிநிதி என்பார்கள். (நம் ஊர் 'நவாப்' இந்த நாயிபின் பன்மையிலிருந்து வந்ததுதான். ஆற்காட்டு நவாபும் பிறருக்குப் பிரதிநிதியாக உட்கார்ந்தவர்தானே.) பிரதிநிதி என்றால் பெயருக்கு இல்லை, முழு அதிகாரத்தோடு. வினை இனிமேல் அதன் பாலைத்தான் பார்க்கும். உடைந்தது 'ஸுஜாஜதுன்' என்றால், அது கண்ணாடிப் புட்டி, பெண்பால். அப்போது 'குஸிரத் ஸுஜாஜதுன்' என்று வினைக்குப் பெண்பால் விகுதி வந்துவிடும். உடைத்தவன் ஆண்பிள்ளை என்பது வாக்கியத்தில் எங்கும் பதிவாகாது.

ஒரு நாற்காலிதான் இருக்கிறது, அதில் பிரதிநிதி உட்கார்ந்தாயிற்று. போனவர் திரும்பி வந்து ஓரமாக நிற்பதைப் பழைய அரபி விரும்புவதில்லை. இன்றைய செய்தி நடையில் 'மின் கிபலி ஸாலிமின்', அதாவது ஸாலிமின் தரப்பிலிருந்து, என்று சேர்க்கிறார்கள். நடையில் கறாரானவர்கள் அதற்கு முகம் சுளிப்பார்கள். ஸாலிமைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் செய்வினைக்குப் போய்விடுங்கள். பேனாதான் முக்கியம் என்றால் அதை முன்னால் வைத்து, 'அல்கலமு கஸரஹு ஸாலிமுன்' எனலாம். யோசித்தால் நாமும் பேச்சில் இதைத்தானே செய்கிறோம்? 'பேனாவா? அதை ஸாலிம் உடைச்சுட்டான்' என்போமே தவிர, 'ஸாலிமால் உடைக்கப்பட்டது' என்று எந்த வீட்டில் யார் சொல்கிறார்கள்?

கடைத்தெருவில் 'குஸிர' கேட்காததில் வியப்பில்லை. பெரும்பாலான பேச்சு வழக்குகளில் இந்த உயிர்மாற்றம் வழக்கொழிந்துவிட்டது. உங்கள் காதில் விழுவது 'இன்கஸர்' என்பதாக இருக்கும். எழுத்து அரபியில் 'இன்கஸர' வேறு வினை, அதற்கு 'உடைந்தது' என்று பொருள். யார் உடைத்தது என்ற கேள்விக்கே அதில் இடமில்லை, தானாகவும் உடைந்திருக்கலாம். 'குஸிர' என்றால் உடைத்தவன் ஒருவன் உண்டு, ஆனால் சொல்லவில்லை. தமிழில் உடைந்தது, உடைக்கப்பட்டது என்ற வேறுபாடு உங்களுக்கு இருப்பதால், வகுப்பில் இதில் மட்டும் மற்றவர்களைவிட நீங்கள் ஒரு படி முன்னால் இருப்பீர்கள்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் குர்ஆனில், 72ஆம் அத்தியாயத்தின் 10ஆம் வசனம். பேசுபவை ஜின்கள். பூமியில் உள்ளவர்களுக்குத் தீமை நாடப்பட்டிருக்கிறதா, அல்லது அவர்களுடைய இறைவன் அவர்களுக்கு நேர்வழியை நாடியிருக்கிறானா, எங்களுக்குத் தெரியாது என்கின்றன. தீமைக்கு 'உரீத', நேர்வழிக்கு 'அராத'. ஒரே வினைதான், 'அரா' 'உரீ' ஆனதில் எல்லாம் அடங்கிவிட்டது. நல்லதைச் சொல்லும்போது இறைவன் எழுவாயாக வருகிறான். கெட்டதைச் சொல்லும்போது நாற்காலி மரியாதையாகக் காலி செய்யப்படுகிறது. நாடியவன் யார் என்று தெரியாததால் அல்ல.

அதனால்தான் பாடப்புத்தகங்களில் வரும் 'மஜ்ஹூல்' (அறியப்படாதவன்) என்ற பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இன்னொரு பெயரும் உண்டு: 'மா லம் யுஸம்ம ஃபாயிலுஹு', செய்தவன் பெயர் சொல்லப்படாதது. அதை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். 'யுஸம்ம' செயப்பாட்டு வினை, முன்னொட்டில் உகரம் இருக்கிறது. 'ஃபாயிலு' என்ற செய்தவன் உகரத்தோடு நிற்கிறான், ஆனால் இங்கே அவன் எதையும் செய்யவில்லை. பெயர் சொல்லப்படாமல் போனவன் அவன்தான். ஆக, செய்தவன் என்ற சொல்லே இந்த வாக்கியத்தில் பிரதிநிதியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு வகுப்பில் இதை வாத்தியாரிடம் சொல்லிப் பாருங்கள், இந்தமுறை வேறுமாதிரி சிரிப்பார்.