புத்தகத்தில் 18,900, கம்பெனியில் 18,785: ஒளிந்திருக்கும் இரண்டு தவணை

கேள்வி: குழுக்கடன் 30,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்றார்கள். வாரம் 675 வீதம் 50 வாரம். இன்சூரன்ஸுக்கு 600, கட்டணம் 300 பிடித்துக்கொண்டு 29,100 கையில் தந்தார்கள். 22 வாரம் கட்டிவிட்டேன். தவணைப் புத்தகத்தில் பாக்கி 18,900 என்று இருக்கிறது. கம்பெனியில் கேட்டால் அசல் பாக்கி 18,785 என்கிறார்கள். 115 ரூபாய்தானே வித்தியாசம், விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். அந்த 115 ரூபாய்க்குப் பின்னால் நீங்கள் கட்டிய இரண்டு வாரப் பணம் இருக்கிறது.

புத்தகத்தில் உள்ள 18,900 என்பது இன்னும் கட்ட வேண்டிய 28 தவணையை 675ஆல் பெருக்கிய தொகை. இனி வரப்போகும் வட்டியும் அதில் அடக்கம். கம்பெனி சொல்வது வெறும் அசல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது.

அசலை நீங்களே போட்டுப் பார்க்கலாம். முதல் வாரம் 30,000க்கு 24 சதவீதத்தை 52ஆல் வகுத்தால் வட்டி 138 ரூபாய். 675இல் அது போக 537 அசலில் கழியும், மீதி 29,463. அடுத்த வாரம் வட்டி இந்த 29,463க்குத்தான், 136 ரூபாய். இப்படியே 22 வாரம் இறங்கினால் அசல் சுமார் 17,606க்கு வர வேண்டும். 18,785 என்பது 20 வாரம் முடிந்தபோது இருந்த பாக்கி. ஆக, உங்கள் இரண்டு தவணை அவர்கள் கணக்கில் ஏறவில்லை.

கிளையில் பாக்கித் தொகையை மட்டும் கேட்காமல், தேதிவாரியான கடன் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். புத்தகத்தில் வசூல்காரர் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு தேதியையும் அதில் தேடி டிக் அடியுங்கள். டிக் விழாத இரண்டு தேதிகள் தெரிந்துவிடும். பணம் குழுவில் வேறொருவர் கணக்கில் ஏறியிருக்கலாம். வசூலித்தவர் கட்டாமலும் விட்டிருக்கலாம். எதுவானாலும் அந்தத் தேதிகளை எழுதி மனுவாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தவணைப் புத்தகத்தை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், அதுதான் உங்கள் ஒரே ரசீது. அந்த இரண்டு வாரத்துக்குத் தாமத அபராதம் ஏறியிருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்சூரன்ஸ். 24 சதவீதத்துக்கு வாரத் தவணை 673 ரூபாய்தான் வருகிறது. 675 என்பது முழுமையாக்கியது, அதனால் கடைசித் தவணை சுமார் 100 ரூபாய் குறைய வேண்டும். ஆகவே தவணைக்குள் இன்சூரன்ஸ் ஒளிந்திருக்கவில்லை. ஆனால் பிடித்த 600க்குக் காப்பீட்டுச் சான்றிதழ் உங்கள் கையில் இருக்கிறதா? யார் யார் உயிருக்கு, எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். உங்களுக்கும் கணவருக்கும் சேர்த்துப் பிடித்தது என்றால் இரண்டு பெயரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் அதே மனுவில் எழுதிக் கேளுங்கள்.