சமதரையில் தடுக்கி நிற்கும் பாத்திரமும் வழிகாட்டிக்கு ஒரு மின்னஞ்சலும்

கேள்வி: இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக Box2D என்ற இயற்பியல் எஞ்சினை வைத்து ஓர் இருபரிமாண விளையாட்டு செய்கிறேன். ஒப்படைக்க வேண்டிய கெடு போன வாரமே முடிந்துவிட்டது. எல்லாம் ஓடுகிறது, ஆனால் பாத்திரம் சமமான தரையில் நடக்கும்போதே சில நேரம் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. குதித்தால் மறுபடி போகிறது. உராய்வைச் சுழியமாக்கியும் பயனில்லை. இந்த ஒரே பிழையால்தான் தாமதம் என்று எழுதினால் வழிகாட்டி நம்புவாரா? எப்படி எழுதுவது?

பதில்:

நம்புவார். பிழை என்ன செய்கிறது என்பதோடு நிறுத்தாமல், ஏன் அப்படிச் செய்கிறது என்பதையும் எழுத வேண்டும், அவ்வளவுதான். நானும் மாணவர்களின் திட்டப்பணிகளுக்கு வழிகாட்டுகிறவன். ஒவ்வொரு பருவத்தின் கடைசியிலும் இத்தகைய மின்னஞ்சல்கள் வந்துகொண்டேதான் இருக்கும். "ஒரு பிழை இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பதை வைத்து எத்தனை நாள் கூடுதலாகக் கொடுப்பது என்று என்னால் முடிவு செய்ய முடிவதில்லை. பொய் சொல்கிறார் என்ற எண்ணமெல்லாம் எழுவதில்லை. நாள் குறிக்க வழியில்லை, அதுதான் சிக்கல். ஆகவே மின்னஞ்சலைப் பிறகு எழுதலாம். முதலில் பிழையைப் பார்ப்போம்.

உங்கள் தரை ஒரே நீளப் பலகையாக இல்லாமல், சதுரக் கட்டங்களை அடுத்தடுத்து வைத்துக் கட்டியதாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பாத்திரமும் ஒரு பெட்டி வடிவம்தான் என்றால், நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அத்தனையும் பொருந்துகின்றன. கண்ணுக்குத் தரை ஒன்று. எஞ்சினுக்கு அது தனித்தனிப் பெட்டிகளின் வரிசை. ஒவ்வொரு பெட்டிக்கும் மேற்பரப்பு இருப்பதுபோலவே பக்கச் சுவரும் உண்டு. பக்கத்துப் பெட்டி மறைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சுவரில்தான் உங்கள் பாத்திரம் முட்டுகிறது. Box2D ஆவணங்களில் இதற்குக் கோஸ்ட் கொலிஷன் என்று பெயர்.

சமமாக அடுக்கிய பெட்டிகளில் முட்டல் எப்படி வருகிறது? தரையில் நிற்கும் பொருள் மிகச் சரியாகத் தரைமட்டத்தில் நிற்பதில்லை. தொடுதல் அறுந்து அறுந்து நடுங்காமல் இருக்க, சுமார் 5 மில்லிமீட்டர் ஊடுருவலை எஞ்சின் பொறுத்துக்கொள்கிறது. உங்கள் பாத்திரம் எப்போதுமே தரைக்குள் அந்த அளவு புதைந்தபடிதான் நடக்கிறது. இப்போது அதன் முன்கீழ் மூலை இரண்டு கட்டங்களின் இணைப்பைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டத்தோடு அதற்குச் செங்குத்தாக 5 மில்லிமீட்டர் ஊடுருவல். கிடைமட்டமாக எவ்வளவு ஊடுருவல் என்பது, அந்தக் கணக்கீட்டுப் படியில் மூலை எங்கே வந்து விழுந்தது என்பதைப் பொறுத்தது. எந்தத் திசையில் ஊடுருவல் குறைவோ அந்தத் திசையில்தான் எஞ்சின் பொருளை வெளியே தள்ளும். கிடைமட்ட ஊடுருவல் 2 மில்லிமீட்டராக இருந்துவிட்டால், எஞ்சினின் கண்ணில் இது தரை இல்லை, சுவர். முன்னோக்கிய வேகம் அந்த இடத்திலேயே சுழியமாகிவிடும். அடுத்த படியிலும் மூலை அதே இடத்தில் இருப்பதால் அதே தீர்ப்பு திரும்ப வரும். குதித்தால் செங்குத்து ஊடுருவல் போய்விடுகிறது, பாத்திரமும் விடுபடுகிறது. இதில் உராய்வுக்கு வேலையே இல்லை என்பதால்தான் அதைச் சுழியமாக்கியும் ஒன்றும் நடக்கவில்லை.

சில நேரம் மட்டும் வருவதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. வினாடிக்கு 60 படிகள், வேகம் வினாடிக்கு 3 மீட்டர் என்றால் ஒரு படிக்கு 50 மில்லிமீட்டர் நகர்வு. இணைப்பைத் தாண்டிய முதல் படியில் மூலை 0 முதல் 50 வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். முதல் 5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் மட்டுமே சிக்கும். ஏறத்தாழ பத்தில் ஒன்று. வேகத்தை 0.6 மீட்டராகக் குறைத்தால் ஒரு படிக்கு 10 மில்லிமீட்டர்தான். அப்போது இரண்டில் ஒன்று சிக்க வேண்டும். மெதுவாக நடந்தால் அதிகம் தடுக்க வேண்டும் என்கிறது கணக்கு. உராய்வோ விசைப்பலகை உள்ளீடோ காரணமாக இருந்தால் இப்படி ஓர் எதிர்பார்ப்பு வராது. உங்கள் மின்னஞ்சலுக்கு வலுக் கொடுக்கப்போவது இதுதான்.

சோதிக்கும்போது ஒரு கண்ணியைக் கவனியுங்கள். கட்டத்தின் அகலம் 1 மீட்டர், படிக்கு 50 மில்லிமீட்டர் என்றால் சரியாக 20 படிகளில் ஒரு கட்டம் முடிந்துவிடும். முதல் இணைப்பில் மூலை எந்த இடத்தில் விழுந்ததோ, எல்லா இணைப்புகளிலும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் விழும். ஓர் ஓட்டத்தில் கடைசிவரை சிக்காமலே போகும். தொடக்க இடத்தைச் சற்றே நகர்த்தினால் முதல் இணைப்பிலேயே நிற்கும். நேற்று மாலை சரியாகிவிட்டதுபோல் இருந்தது, காலையில் மறுபடி வந்தது என்று மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். எனவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தொடக்க இடத்தைச் சில மில்லிமீட்டர் மாற்றி, முதல் இணைப்பில் சிக்குகிறதா இல்லையா என்று மட்டும் எண்ணுங்கள். கூடவே, மோதல் திசைகளைத் திரையில் அம்புகளாக வரையுங்கள். தரையில் நடக்கும்போது எல்லா அம்புகளும் மேல்நோக்கி நிற்கும். சிக்கும் படியில் மட்டும் ஓர் அம்பு பாத்திரத்தின் முன்மூலையிலிருந்து பின்பக்கமாகப் படுத்திருக்கும். அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்வு, பெட்டிகளை விட்டுவிட்டுத் தரையின் மேற்கோட்டை ஒரே சங்கிலியாகக் கொடுப்பது. 2.4 பதிப்பில்:

```cpp
b2ChainShape floor;
floor.CreateChain(points, count, prev, next);
```

கடைசி இரண்டும் சங்கிலியின் முன்னும் பின்னும் உள்ள மறைமுகப் புள்ளிகள். கோடு அங்கே முடிந்துவிடவில்லை, தொடர்கிறது என்று அவை எஞ்சினுக்குச் சொல்கின்றன. இந்தப் பதிப்பில் சங்கிலி ஒரு பக்கம் மட்டுமே மோதும், அதுவும் கோடு செல்லும் திசைக்கு வலப்பக்கம். அதனால் தரைக்கான புள்ளிகளை வலமிருந்து இடமாகக் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பாத்திரம் தரை வழியாகக் கீழே விழுந்துவிடும். அதைப் புதுப் பிழை என்று துரத்தத் தொடங்கிவிடாதீர்கள். பாத்திரத்தின் கீழ்மூலைகளைச் சற்று மழுங்கடிப்பது என்ற குறுக்குவழியும் உண்டு. நின்றுபோவது குறையும், ஆனால் இணைப்புகளில் மெல்லிய துள்ளல் வரும். எனக்கு அது பிடிப்பதில்லை.

இனி மின்னஞ்சல். கீழே உள்ள எண்ணிக்கைகள் மாதிரிக்கு. உங்கள் சோதனையில் வந்தவற்றை இட்டுக்கொள்ளுங்கள்.

> பொருள்: திட்டப்பணி ஒப்படைப்புத் தாமதம், வரும் வெள்ளிவரை அவகாசம் கோரி
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> போன வாரம் ஒப்படைத்திருக்க வேண்டிய விளையாட்டை இன்னும் ஒப்படைக்கவில்லை. கெடுவுக்கு முன்பே தங்களிடம் தெரிவித்திருக்க வேண்டும், பொறுத்தருள வேண்டுகிறேன். வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒப்படைக்க அனுமதி கேட்கிறேன்.
>
> பாத்திரம் சமமான தரையில் நடக்கும்போது சில இடங்களில் நின்றுவிடுகிறது. தரையை ஒட்டிவைத்த பெட்டிகளாக அமைத்திருந்தேன். பாத்திரம் தரைக்குள் சில மில்லிமீட்டர் புதைந்திருப்பதால், அடுத்த பெட்டியின் பக்கவாட்டை எஞ்சின் சுவராக எடுத்துக்கொள்கிறது. இது உண்மையானால் மெதுவாக நடக்கும்போது அதிகம் நிற்க வேண்டும். சோதித்தேன்: வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் 200 ஓட்டங்களில் 21 முறையும், 0.6 மீட்டர் வேகத்தில் 97 முறையும் நின்றது. அதே தரையை ஒரே நீளப் பெட்டியாக்கியபோது ஒருமுறைகூட நிற்கவில்லை. சிக்கும் கணத்தில் எடுத்த திரையின் படத்தை இணைத்துள்ளேன்.
>
> தரையைத் தொடர்கோடாக மாற்றும் வேலை முதல் நிலையில் முடிந்து, அதே சோதனையில் பிழை வரவில்லை. மீதமுள்ள மூன்று நிலைகளை மாற்றிச் சோதிக்க வியாழன்வரை ஆகும். உடையும் தரை உள்ள நான்காம் நிலையில் ஒவ்வொரு முறை உடையும்போதும் கோட்டைப் புதிதாக அமைக்க வேண்டியிருப்பதால், அது மட்டும் தள்ளிப்போகலாம். அப்படியானால் அந்த நிலையை விட்டுவிட்டு மற்றவற்றை வெள்ளியன்றே ஒப்படைக்கலாமா, அல்லது அதையும் சேர்த்து அடுத்த திங்களன்று ஒப்படைக்கலாமா என்று தாங்கள் சொல்ல வேண்டுகிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பதிவு எண்)

முதல் பத்தியிலேயே கோரிக்கை வந்துவிட்டதைப் பாருங்கள். வழிகாட்டி கைபேசியில் அதை மட்டும் படித்துவிட்டு "சரி" என்று பதில் போடலாம். மீதியை நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்வார். எத்தனை இரவு விழித்தீர்கள், எத்தனை வழிகளை முயன்றீர்கள் என்பதை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவை உண்மையாக இருக்கலாம், ஆனால் வெள்ளிக்கிழமை முடியுமா என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. எஞ்சின்மீது பழி போடும் வாக்கியமும் வேண்டாம். இந்த நடத்தை ஆவணத்திலேயே இருக்கிறது. அவர் தேடிப் பார்த்துவிட்டால் உங்கள் பாடு தர்மசங்கடமாகிவிடும்.

நான்காம் நிலையைப் பற்றிய வரியை நீக்கிவிடத் தோன்றும், நீக்காதீர்கள். வெள்ளியன்று ஒப்படைத்ததில் அது இல்லை என்பதை அவரே கண்டுபிடிப்பதைவிட, இப்போது அவரே முடிவு சொல்லியிருப்பது உங்களுக்கு நல்லது.

ஒருவேளை சோதனையில் வேகத்துக்கும் தடுக்கலுக்கும் தொடர்பே தெரியவில்லை என்றால் என் ஊகம் தவறு. இந்த மின்னஞ்சலை அனுப்ப வேண்டாம். அப்போது நாள் கேட்காமல் நேரம் கேளுங்கள்: பிழையை நேரில் காட்ட அரை மணி நேரம் வேண்டும், சிக்கும் கணத்தின் படம் இணைப்பில் இருக்கிறது என்று மூன்று வரியில் எழுதினால் போதும்.