திரையில் OE: தண்ணீர் வடியலையா, அதிகமாயிடுச்சா?

கேள்வி: ஆறு வருஷம் ஆன ஃப்ரண்ட் லோட் மெஷின்ங்க. நேத்து பாதியில நின்னு OE-னு காட்டுது, கதவும் தொறக்கல, உள்ள துணி ஊறிட்டு கெடக்குது. போன்ல போட்டோ எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தா ஒண்ணும் புரியல. பக்கத்து வீட்டுப் பையன் நெட்ல பார்த்து "தண்ணி அதிகமாயிடுச்சு"ங்கறான். மெக்கானிக் போன்லயே "பம்ப் போயிருச்சு, 3,200 ஆகும்"ங்கறார். யார் சொல்றது சரிங்க? போட்டோ அனுப்பியிருக்கேன். (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

பதில்: மெக்கானிக்கை இப்போதைக்கு வரச்சொல்ல வேண்டாம். கீழே சொல்வதைச் செய்து பார்த்த பிறகு தேவைப்பட்டால் கூப்பிடலாம்.

போன் மொழிபெயர்ப்பில் புரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. திரையில் வருவது வார்த்தை இல்லை, கம்பெனி வைத்துக்கொண்ட குறி. மொழிபெயர்ப்பு ஆப்புக்கு dE என்று காட்டினால் அது ஸ்பானிஷ் வார்த்தை என்று நினைத்துக்கொள்ளும். மெஷின் சொல்ல வந்ததோ கதவு சரியாகப் பூட்டவில்லை என்பது. இதில் இன்னொரு வம்பு, ஒரே குறிக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். எல்ஜி மெஷினில் OE என்றால் தண்ணீர் வெளியேறவில்லை. சாம்சங்கின் பல மாடல்களில் அதே OE வந்தால் தண்ணீர் அளவுக்கு மேல் ஏறிவிட்டது, வடியாமல் நின்றால் அங்கே 5E அல்லது 5C வரும். LE-யும் அப்படித்தான். ஒன்றில் மோட்டார் சுற்றவில்லை, மற்றதில் எங்கோ கசிகிறது. பக்கத்து வீட்டுப் பையன் சொன்னது பொய்யில்லை, அவன் பார்த்தது வேறு கம்பெனிப் பட்டியலாக இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கம்பெனி பெயர் வெட்டுப்பட்டுவிட்டது. ஆனாலும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, எரிகிற விளக்கு ஸ்பின் பக்கம் இருக்கிறது. துவைத்து, அலசி முடித்துப் பிழியப் போகும் நேரத்தில்தான் நின்றிருக்கிறது. இரண்டாவது, கதவுக் கண்ணாடியின் அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. அளவுக்கு மீறி ஏறியிருந்தால் கண்ணாடியின் பாதியையாவது தாண்டியிருக்கும். அலசும்போது வழக்கமாக நிற்கிற தண்ணீர்தான் இது, போகாமல் அப்படியே நிற்கிறது. ஆகவே உங்கள் OE தண்ணீர் வடியாததைத்தான் சொல்கிறது. கம்பெனி பெயரைப் பார்த்து இதை உறுதி செய்துகொள்ளுங்கள். கதவைத் திறந்தால் உள்விளிம்பில் மாடல் நம்பரோடு ஸ்டிக்கர் இருக்கும். இப்போது கதவு பூட்டியிருப்பதால் மெஷினின் பின்பக்கமோ வாங்கிய பில்லோ பார்க்கலாம்.

மூன்றாவதுதான் எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது. படத்தின் ஓரத்தில் ஜன்னல் தெரிகிறது. மெஷினின் சாம்பல் நிற வடிகால் பைப் அந்த ஜன்னல் திட்டு வரை ஏறி, அங்கே கிளிப் போட்டு ஒரு பச்சைத் தோட்டத்து டியூபோடு சேர்த்திருக்கிறது. டியூப் வெளியே எங்கே போகிறது என்று நான் கேட்க வேண்டியதில்லை, தென்னை மரத்துக்குத்தான். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோடையில் தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள் செய்கிற வேலை. நோக்கம் நல்லது, பம்புக்குத்தான் தாங்கவில்லை. அந்தச் சின்னப் பம்ப் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம் வரைதான் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளும். உங்கள் ஜன்னல் திட்டு அதற்கு மேல். போதாததற்குத் தோட்டத்து டியூப் உள்வாய் குறுகல், நீளம் வேறு. புதிதில் எப்படியோ தள்ளியிருக்கும். துணிப்பஞ்சும் சோப்புக் கசண்டும் சேரச்சேரத் தண்ணீர் போகிற வேகம் குறைந்துவிடும். குறிப்பிட்ட நேரத்துக்குள் டிரம் காலியாகாவிட்டால் மெஷின் OE போட்டு நின்றுவிடும். பம்ப் நன்றாக இருந்தாலும் இந்தக் குறி வரும். இதைப் பார்க்காமல் போனிலேயே பம்ப் போச்சு என்று சொல்ல முடியாது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. குழாயை மூடுங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். மெஷினின் முன்பக்க அடியில், வலது அல்லது இடது மூலையில், சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் பெரிய திருகு மூடியும் பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு குட்டி டியூபும் தெரியும். பெரிய மூடியில் கை வைக்காதீர்கள், திறந்தால் வீடு முழுக்கத் தண்ணீர்தான். குட்டி டியூபை இழுத்து, ஆழமில்லாத தட்டு ஒன்றை வைத்து, முனையில் உள்ள அடைப்பானை எடுங்கள். தட்டு நிரம்பியதும் அடைப்பானைப் போட்டு, கொட்டிவிட்டு, மறுபடி பிடியுங்கள். ஒரு வாளிக்கு மேலேயே வரும். பொறுமையாகத்தான் செய்ய வேண்டும்.

டியூபில் தண்ணீர் வருவது நின்ற பிறகு பெரிய மூடியை இடதுபுறமாக மெதுவாகத் திருகி எடுங்கள். அதுதான் ஃபில்டர். ஊக்கு, ஒரு ரூபாய்க் காசு, முடி, கல், பிள்ளைகள் சட்டைப் பொத்தான் என்று ஏதாவது சிக்கியிருக்கும். கழுவி வையுங்கள். அது இருந்த குழிக்குள் டார்ச் அடித்தால் பம்பின் சின்ன இறக்கைகள் தெரியும். ஒரு குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். வழவழவென்று சுற்றாமல் விட்டுவிட்டு, இழுத்து இழுத்துச் சுற்றினால் கவலை வேண்டாம், உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும். நகரவே இல்லையென்றால் ஏதோ சிக்கியிருக்கிறது, குறடு கொண்டு எடுத்துப் பாருங்கள். ஃபில்டரை மறுபடி இறுக்கமாகத் திருகுங்கள். அரைகுறையாக விட்டால் அடுத்த முறை தரையில் ஒழுகும்.

இப்போது பச்சை டியூபைக் கழற்றிவிட்டு, மெஷினோடு வந்த பைப்பை மட்டும் குளியலறை வாஷ்பேசின் விளிம்பில் மாட்டி, எகிறாமல் ஒரு கயிற்றால் கட்டுங்கள். தரையில் போட வேண்டாம், போட்டால் உள்ளே ஏறுகிற தண்ணீர் ஏறஏறத் தானாகவே ஓடிப்போகும். பிளக்கைப் போட்டு ஸ்பின் மட்டும் வைத்து, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

பம்ப் ரீங்காரம் கேட்டு, பேசினில் வேகமாகத் தண்ணீர் விழுந்தால் விஷயம் முடிந்தது. தென்னைக்கு விட வேண்டுமென்றால் பேசின் உயரத்தில் ஒரு டிரம் வைத்து அதில் வடியவிட்டு, அங்கிருந்து டியூபில் இறக்குங்கள். பம்ப் உறுமுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் பைப்பில் எங்கோ மடிப்பு அல்லது அடைப்பு. மெஷினின் பின்னால் சுவரோடு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தும் OE வந்தால் மெக்கானிக்தான். சத்தமே இல்லையென்றாலும் மெக்கானிக்தான். பம்பின் சுருள் எரிந்திருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம், போர்டாகவும் இருக்கலாம். அதைப் பிரித்து மீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும். பம்ப் மாற்றினால் பழைய பம்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பில்லும் வாங்குங்கள். இல்லாவிட்டால், போனில் 3,200 சொன்னவர் நேரில் வயர் மட்டும் சொருகிவிட்டு அதே தொகை கேட்டால் உங்கள் கையில் ஆதாரம் இருக்காது.

ஒருவேளை கம்பெனி பெயரைப் பார்த்து, உங்கள் OE அளவு மீறிய தண்ணீரைக் குறிக்கும் என்று தெரிந்தால் ஒரு சோதனை போதும். வடித்து முடித்த பிறகு பிளக் பிடுங்கியபடியே குழாயைத் திறந்து வைத்துப் பாருங்கள். மின்சாரமே இல்லாமல் உள்ளே தண்ணீர் ஏறினால் வால்வ் மூடவில்லை. உப்புத்தண்ணீர் போர்வெல் வீடுகளில் இது வருவதுண்டு. குழாயை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான், நீங்கள் பிரிக்கக் கூடாது.

மற்ற குறிகளுக்கும் இதே வழிதான். தண்ணீர் வரவில்லை என்றால் (IE, 4E) குழாயையும், இன்லெட் பைப் மெஷினோடு சேரும் இடத்துச் சல்லடையையும் நீங்களே பார்க்கலாம். UE வந்தால் போர்வை ஒருபக்கம் குவிந்திருக்கும், பிரித்துப் போடுங்கள். dE-க்குக் கதவை ஒருமுறை அழுத்தி மூடுங்கள், மறுபடி வந்தால் மெக்கானிக். சென்சார், ஹீட்டர், மோட்டார் பற்றிய குறிகளுக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிஷம் விட்டுப் போட்டுப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கருகிய வாடை, உடம்பில் ஷாக், எம்சிபி விழுவது, இவற்றுக்குத் திரையில் என்ன வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, மெஷினைத் தொடவே வேண்டாம்.

அடுத்த முறை படம் எடுக்கும்போது கம்பெனி பெயர், எரியும் விளக்குகள், கதவுக் கண்ணாடி மூன்றும் ஒரே படத்தில் வரட்டும். ஃபிளாஷ் வேண்டாம். அதோடு ஐந்து வினாடி வீடியோவும் எடுங்கள். திரையில் உள்ள எண்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவதால், போட்டோவில் ஒரு கோடு விடுபட்டு 8 என்பது 6 போலவோ 0 போலவோ தெரியும். 5-க்கும் S-க்கும் அந்தத் திரையில் வித்தியாசமே கிடையாது, அதனால் SE என்று படித்தது 5E ஆகவும் இருக்கலாம்.

சர்வீஸ் நம்பருக்குக் கூப்பிட்டால் உங்கள் பின்கோடுக்கு மலையாளம் பேசுகிறவர் எடுக்கலாம். அவர்களுக்கு வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான், வெள்ளப்பெருக்கு இல்லை. "வெள்ளம் கயறுன்னில்ல" என்றால் உள்ளே ஏறவில்லை, "வெள்ளம் போகுன்னில்ல" என்றால் வெளியே போகவில்லை. மாற்றிச் சொன்னால் வால்வைக் கொண்டுவந்துவிட்டு, பம்ப் எடுக்க மறுபடி பாலக்காட்டுக்குப் போவார்கள்.