பொருள் மாறி வந்தால் கூகுளில் எண் தேடாதீர்கள்

கேள்வி: என் பாட்டி முதல்முறையாக ஆன்லைனில் குக்கர் வாங்கினார். கேட்டது 5 லிட்டர், வந்தது 3 லிட்டர். டெலிவரி வந்தபோது காசாகக் கொடுத்துவிட்டார். பெட்டியையும் கிழித்தாயிற்று. 'இதற்கு ரிட்டர்ன் கிடையாது' என்று ஆப் சொல்கிறது. கூகுளில் ஒரு கஸ்டமர் கேர் எண் கிடைத்தது. கூப்பிடலாமா?

அந்த எண்ணைக் கூப்பிடாதீர்கள். பணம் கிடைக்கும், அதற்கு வழி வேறு.

எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மா போன வருடம் ஒன்பது கஜம் புடவை ஒன்றை ஆர்டர் செய்தார். அவருக்கும் அதுதான் முதல் ஆர்டர். கவரைப் பிரித்ததும் டேப்பைத் தேடவில்லை. முழங்கையை மடக்கி விரல் நுனி வரை வைத்து அளந்துகொண்டே போனார். "டேய், பன்னிரண்டு முழத்தில் முடிஞ்சு போச்சுடா" என்று என் மகனைக் கூப்பிட்டார். ஒன்பது கஜம் என்றால் பதினெட்டு முழம் இருக்க வேண்டும். வந்திருந்தது சாதாரண ஆறு கஜம்.

மகன் வருவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் கூகுளில் ஒரு எண் எடுத்துக் கொடுத்துவிட்டார். எடுத்தவன் மிக மரியாதையாகப் பேசினான். பணத்தை உடனே போடுகிறேன், நான் அனுப்பும் கோரிக்கையைத் திறந்து யுபிஐ பின் நம்பரைப் போடுங்கள் என்றான். அம்மாவுக்கு என்னவோ சரியாகப் படவில்லை, வைத்துவிட்டார். பின் நம்பர் போடுவது பணம் கொடுப்பதற்கு. பணம் வாங்க அது ஒருபோதும் தேவையில்லை. இந்த ஒரு வரியை உங்கள் பாட்டியிடம் இரண்டு முறை சொல்லுங்கள். போனில் ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலும் அப்படியே வைத்துவிட வேண்டும். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எத்தனை வீடுகளில் ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காகப் பேசப்போய்ச் சேமிப்பையே இழந்திருக்கிறார்கள்!

சரி, என் மகன் என்ன செய்தான்? ஆப்பில் My Orders-க்குப் போய் அந்தப் புடவையைத் தொட்டான். காரணம் கேட்ட இடத்தில் முதலில் 'பிடிக்கவில்லை' என்று கொடுத்தான். ரிட்டர்ன் கிடையாது என்று வந்தது. பின்னால் போய், 'தவறான பொருள் வந்தது' என்று கொடுத்தான். படம் கேட்டது. கவர் மேல் ஒட்டியிருந்த ஆர்டர் எண், முழுசாக விரித்த புடவை, ஓரத்தில் டேப் வைத்த அளவு என்று மூன்று படம் போட்டான்.

'ரிட்டர்ன் கிடையாது' என்பதை இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டும். மனம் மாறியவருக்கு, நிறம் பிடிக்காதவருக்கு அவர்கள் அப்படிச் சொல்லலாம். உள்ளாடை போன்ற சிலவற்றுக்குச் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் சொன்னது ஒன்று, கைக்கு வந்தது ஒன்று என்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. உள்ளாடையே ஆனாலும், கேட்ட அளவு வேறு வந்த அளவு வேறு என்றால் இதே விதிதான். 5 லிட்டருக்கு 3 லிட்டர் வந்ததும் அதுதான். பெட்டி கிழிந்தது பெரிய விஷயமில்லை. கிழித்துப் பார்க்காமல் அளவு எப்படித் தெரியும்?

எங்கள் விஷயத்தில் படத்தோடு கேட்டதையும் நிராகரித்தார்கள். ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் போட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். எழுபது வயதுக்காரர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? எனக்கு ஆத்திரம் வரும் இடம் இதுதான். மகன் அந்த முகவரிக்கு நாலே வரியில் மெயில் எழுதி, படங்களைச் சேர்த்து அனுப்பினான். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மறுநாளே பதில் வந்தது, நாலாம் நாள் புடவையை எடுத்துப் போனார்கள். காசாகக் கொடுத்திருந்ததால் அம்மாவின் வங்கிக் கணக்கு எண்ணை ஆப்புக்குள்தான் பதிந்தான். போனில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஒரு மாதத்திலும் தீரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் வேண்டாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. "நான் முடித்துத் தருகிறேன், ஐந்நூறு கொடுங்கள்" என்று வாசலில் நிற்பவரிடம் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

குக்கரைப் பாட்டி இன்னும் அடுப்பில் ஏற்றவில்லை அல்லவா? ஏற்ற வேண்டாம், கழுவவும் வேண்டாம். அடியில் 3 லிட்டர் என்று பொறித்திருக்கும் இடத்தையும் கிழிந்த பெட்டியில் உள்ள லேபிளையும் இன்றே படம் எடுங்கள். ஆப்பில் ரிட்டர்னுக்குக் காட்டும் கடைசித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.